தியேட்டர் குளிர்ந்தால் போதுமா?

ஆபரேஷன் தியேட்டருக்குள் முதன்முறை போய் வருகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். உள்ளே சில்லென்று இருந்தால் ஏ.சி. சரியாக ஓடுகிறது என்று நிர்வாகிகளும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த அறைக்குள் காற்றை அனுப்புவதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. திறந்து கிடக்கும் காயத்தின் மேல் கிருமி வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை.

அந்தக் கிருமி பெரும்பாலும் அங்கே நிற்கும் மனிதர்களிடமிருந்துதான் வருகிறது. நம் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு மிதக்கும். டாக்டர் கையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும், கவுனுக்குள் இருக்கும் உடம்பு செதில் உதிர்ப்பதை நிறுத்த முடியாது. நாலைந்து பேர் மணிக்கணக்கில் நின்று வேலை செய்கிற அறையில் இது ஓயாத உற்பத்தி. ஆகவே அழுக்கைத் தள்ளுவதும் ஓயாமல் நடக்க வேண்டும்.

எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதற்குத்தான் 'காற்று மாற்றம்' என்ற கணக்கு. நம் நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் வழிகாட்டுதல், மணிக்குக் குறைந்தது 20 காற்று மாற்றம் வேண்டும், அதில் 4 வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாக இருக்க வேண்டும் என்கிறது. மீதி 16, அறையிலிருந்தே எடுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் காற்று.

20 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு தியேட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 4,000 கனஅடி. மணிக்கு 20 மாற்றம் என்றால் 80,000 கனஅடி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,333 கனஅடி. அதில் புதுக்காற்று 267 கனஅடி. ஆபரேஷன் மேஜைக்கு நேர் மேலே கூரையில் 8 அடிக்கு 6 அடி அளவில் ஒரு காற்றுப்பெட்டியைப் பொருத்தி, நிமிடத்துக்கு 30 அடி வேகத்தில் காற்றை இறக்கினால் 1,440 கனஅடி கிடைக்கும். கணக்கு சரியாகிவிட்டது. இந்த வேகம் மெதுவானதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். வேகம் கூடினால் காற்று சுழன்று, தரைத்தூசியைக் கிளப்பி மேஜைக்கே கொண்டுவரும். மேலிருந்து அமைதியாக இறங்கும் காற்று, மேஜையைத் தாண்டி, சுவரோரம் தரையை ஒட்டி வைத்திருக்கும் வாய்கள் வழியே வெளியேற வேண்டும்.

அறைக்காற்று ஒரு மாற்றத்தில் முழுதாக மாறிவிடாது. புதியது பழையதோடு கலந்துதான் வெளியேறும். நன்றாகக் கலக்கும் அறையில் மணிக்கு 20 மாற்றம் இருந்தால், மிதக்கும் அழுக்கில் 100-க்கு 99 பங்கு போக 14 நிமிடம் ஆகும். ஃபில்டர் அடைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 900 கனஅடிதான் வருகிறது என்றால் அது 13.5 மாற்றம், அதே அழுக்கு போக 20 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அறையின் குளிரில் எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதையே இது மாற்றிவிடுகிறது.

அடுத்தது அழுத்தம். தியேட்டருக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாகவும், வெளித் தாழ்வாரத்தில் அதைவிடக் குறைவாகவும், அழுக்குத் துணியும் கழிவும் போகும் அறையில் எல்லாவற்றையும்விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் போல, காற்று சுத்தமான அறையிலிருந்து அழுக்கான அறைக்கு மட்டுமே போகும். தியேட்டருக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே குறைந்தது 2.5 பாஸ்கல் வித்தியாசம் வேண்டும். கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடையளவுதான் அது. அவ்வளவு சின்ன அழுத்தமே கதவிடுக்கு வழியே காற்றை எப்போதும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கப் போதுமானது.

உள்ளே அனுப்பும் காற்றைவிட உள்ளிருந்து எடுக்கும் காற்று குறைவாக இருப்பதால்தான் இந்த அழுத்தம் உருவாகிறது. அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவது வெளியிலிருந்து வரும் புதுக்காற்று. பெரும்பாலான தியேட்டர்கள் கெட்டுப்போவது இங்கேதான். ஐப்பசி மழையில் வெளிக்காற்று ஈரமாக இருக்கும். அதை உலர்த்திக் குளிரவைக்க மிஷினுக்குச் சிரமம். அறையில் ஈரப்பதம் ஏறும், டாக்டர் சத்தம் போடுவார். உடனே ஆபரேட்டர் புதுக்காற்று வரும் டேம்பரை மூடிவிடுவார். அறை குளிர்ந்துவிடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சுவரில் இருக்கும் அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். எடுக்கும் காற்று அனுப்பும் காற்றை மிஞ்சிவிட்டால், தாழ்வாரக் காற்று கதவிடுக்கு வழியே உள்ளே நுழையத் தொடங்கும்.

இதைப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். மூடிய கதவின் கீழ் இடுக்கில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். அது தாழ்வாரப் பக்கம் பறந்தால் சரி. தியேட்டர் பக்கம் இழுத்தால் அன்றைக்கு அங்கே ஆபரேஷன் வைக்கக் கூடாது.

கதவு திறந்தால் என்ன ஆகும்? 3 அடி அகலம், 7 அடி உயரக் கதவு முழுதாகத் திறந்திருக்கும்போது 2.5 பாஸ்கலைத் தாங்கிப்பிடிக்க, நிமிடத்துக்கு 5,000 கனஅடிக்கு மேல் காற்று தேவைப்படும். நம் தியேட்டருக்கு வருவதோ 1,440. ஆக, கதவு திறந்த அந்த நொடியே அழுத்தம் போய்விடுகிறது. மறந்துவிட்ட கத்திரிக்காகவும், ஃபோன் பேசவும் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் இதுதான் நடக்கிறது. எந்த மிஷினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

கடைசியாக ஃபில்டர். காற்று முதலில் பெருந்தூசி ஃபில்டரையும், பிறகு நுண்தூசி ஃபில்டரையும் கடந்து, அறைக்குள் இறங்குவதற்குச் சற்று முன்னால் ஹெபா ஃபில்டரைத் தாண்டி வரும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை ஹெபா பிடித்துவிடும். அதைவிடப் பெரியவை இழைகளில் மோதிச் சிக்கும். மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் இந்த அளவுதான் பிடிக்கக் கஷ்டமானது. பாக்டீரியா சுமந்துவரும் தோல் செதில் இதைப் போலப் பல மடங்கு பெரியது, அது தப்பவே முடியாது. எனவே ஹெபாவின் பலவீனம் இழைகளில் இல்லை, அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் ஒரு கீறல் இருந்தாலும் காற்று அந்த வழியே புகுந்துவிடும். அதனால்தான் ஃபில்டரைப் பொருத்திய பிறகு எண்ணெய்ப் புகையை மேலே செலுத்தி, கீழே விளிம்பை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கிறார்கள். ஹெபாவைத் தண்ணீரில் கழுவுவதும், காற்றடித்துச் சுத்தம் செய்வதும் அதைக் கொல்வதற்குச் சமம். அடைத்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

சுத்தமான காற்றின் பலனை நிரூபிக்க, 1982-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 8,000-க்கும் மேற்பட்ட மூட்டு மாற்று ஆபரேஷன்களைப் பார்த்தது. சாதாரண தியேட்டரில் 1.5 சதவீதமாக இருந்த ஆழமான தொற்று, மிகச் சுத்தமான காற்றில் 0.6 ஆகக் குறைந்தது. ஆனால் பிற்கால ஆய்வுகளை எடைபோட்ட உலக சுகாதார நிறுவனம், மூட்டு மாற்றில் தொற்றைக் குறைப்பதற்கென்று நேர்கோட்டுக் காற்று அமைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016-இல் பரிந்துரைத்தது. ஆதாரம் பலமானதல்ல என்றும் சொன்னது. ஆகவே விலையுயர்ந்த கூரையைப் பொருத்துவதில் மட்டும் அக்கறை காட்டுவது போதாது. 20 மாற்றமும், அழுத்தமும், சேதமில்லாத ஃபில்டரும், மூடிய கதவும் இல்லாமல் எந்தக் கூரையும் காப்பாற்றாது.

ஸ்பிளிட் ஏ.சி. போட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்கிற சிறு மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பெட்டி புதுக்காற்றைக் கொண்டுவராது, அழுத்தம் தராது. அதன் ஈரமான சுருளும் தட்டும் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். விண்டோ ஏ.சி.யும் ஸ்பிளிட் ஏ.சி.யும் தியேட்டருக்கு ஆகாது என்று என்.ஏ.பி.எச். வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ராத்திரியில் கரண்ட் மிச்சமாகும் என்று மிஷினை அணைத்துவிடும் வழக்கத்தையும் விட வேண்டும்: ஆபரேஷன் இல்லாத நேரத்தில் குளிரூட்டலை நிறுத்தலாம், காற்றை அனுப்பும் புளோயர் மட்டும் 24 மணி நேரமும் ஓட வேண்டும்.