அறுபத்தேழு பேரில் ஒருவர்

லிபிட்டர் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரைக்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. மாரடைப்பு அபாயத்தை 36 சதவீதம் குறைக்கிறது என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்திருந்தார்கள். அந்தக் குறியைத் தேடிக் கீழே போனால் பொடி எழுத்தில் வேறொரு செய்தி இருந்தது. பெரிய ஆய்வு ஒன்றில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு மாரடைப்பு வந்தது, லிபிட்டர் சாப்பிட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கு வந்தது என்பதுதான் அது. 2008-ல் பிசினஸ்வீக் இதழ் இதை எடுத்து விரிவாக எழுதியது.

விளம்பரம் பொய் சொல்லவில்லை. அதற்கு அடிப்படையான ஆஸ்காட் ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதில் வெற்று மாத்திரை எடுத்த 5,137 பேரில் 154 பேருக்கும், மருந்து எடுத்த 5,168 பேரில் 100 பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. அதாவது 3.0 சதவீதம் 1.9 ஆகக் குறைந்தது. 3.0-ல் இந்தக் குறைவு ஏறக்குறைய 36 சதவீதம்தான். ஆனால் மருந்து சாப்பிடப் போகிறவருக்கு உண்மையில் நகர்ந்தது நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. ஒரே ஆய்விலிருந்து 36-ம் வருகிறது, 1-ம் வருகிறது. பெரிய எழுத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது விற்கிறவர் கையில் இருக்கிறது.

இதை மருந்தியல் மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது நான் நிஜ ஆய்வில் தொடங்குவதில்லை. எண்கள் முழுசாக வரும்படி ஒரு கற்பனை அட்டவணையைப் பலகையில் எழுதிவிடுவேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை ஐந்து ஆண்டுகள் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். 4,000 பேரைக் குலுக்கல் முறையில் இரு பாதியாகப் பிரித்தாயிற்று.

| ஐந்தாண்டு முடிவில் | வெற்று மாத்திரை: 2,000 பேர் | மருந்து: 2,000 பேர் |
|---|---|---|
| பக்கவாதம் வந்தவர்கள் | 120 | 90 |
| கால் வீக்கம் வந்தவர்கள் | 40 | 140 |

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். வெற்று மாத்திரைக்காரர்களில் 2,000-க்கு 120, அதாவது 6 சதவீதம். மருந்து சாப்பிட்டவர்களில் 2,000-க்கு 90, அதாவது 4.5 சதவீதம். ஆறிலிருந்து நாலரையைக் கழித்தால் 1.5. இதுதான் அப்சல்யூட் ரிஸ்க் ரிடக்‌ஷன். நேரடிக் குறைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 1.5-ஐ மறுபடி ஆறால் வகுத்தால் கால் பங்கு, 25 சதவீதம். இது ரிலேட்டிவ் ரிஸ்க் ரிடக்‌ஷன், சார்புக் குறைப்பு. ஆடித் தள்ளுபடியில் கால் பங்கு விலை குறைவு என்று எழுதியிருந்தால், அசல் விலை என்ன என்று கேட்காமல் யாரும் பணத்தை எடுப்பதில்லை. சார்புக் குறைப்பும் அப்படி அசலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எண். அசல் 6 சதவீதமா 60 சதவீதமா என்பதை அது தானாகச் சொல்லாது.

நூறு பேருக்குக் கொடுத்தால் ஒன்றரைப் பக்கவாதம் தவிர்க்கப்படும் என்றால் கேட்பவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: ஒரு பக்கவாதத்தைத் தவிர்க்க எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும்? லௌபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ் மூவரும் 1988-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இந்த அளவை முன்வைத்தார்கள். மருத்துவ உலகில் அதற்கு என்.என்.டி. என்று பெயர். கணக்கு எளிது. நூறை நேரடிக் குறைப்புச் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 100-ஐ 1.5-ஆல் வகுத்தால் 66.7. பலனைக் கூட்டிச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக மேல்நோக்கி முழுதாக்கி 67 என்று எழுதுவது வழக்கம்.

இந்த இடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது 1-ஐ 1.5-ஆல் வகுத்து 0.67 என்று எழுதிவிடுவார்கள். சதவீதத்தில் கழித்துவிட்டு, தசம பின்னத்துக்கு உரிய சூத்திரத்தைப் போடுவதால் வரும் பிழை இது. கண்டுபிடிப்பது சுலபம். முக்கால் மனிதருக்கு மருந்து கொடுத்து ஒரு முழு மனிதரைக் காப்பாற்ற முடியாது. என்.என்.டி. ஒன்றுக்குக் கீழே வந்தால் கணக்கு தப்பு என்று உடனே அடித்துவிடலாம்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய பிழை ஒன்று உண்டு. 67 பேரில் ஒருவருக்குத்தான் மருந்து வேலை செய்கிறது, மற்ற 66 பேருக்கும் பக்கவாதம் வந்துவிடும் என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அந்த 67 பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்போம். மாத்திரையே கொடுக்காவிட்டால் ஐந்தாண்டில் அவர்களில் சுமார் 4 பேருக்குப் பக்கவாதம் வரும். கொடுத்தால் 3 பேருக்கு வரும். மற்ற 63 பேருக்கு மருந்து இல்லாமலேயே வந்திருக்காது. ஆக ஒருவர் தப்பிக்கிறார், மூவருக்கு மாத்திரை சாப்பிட்டும் வந்துவிடுகிறது, 63 பேர் தேவைப்படாமலேயே ஐந்து ஆண்டு மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள். யார் எந்தக் கூட்டத்தில் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. வழியிருந்தால் அந்த ஒருவருக்கு மட்டும் கொடுத்திருப்போம்.

இனி இரண்டாவது வரி, கால் வீக்கம். வெற்று மாத்திரையில் 2 சதவீதம், மருந்தில் 7 சதவீதம். வித்தியாசம் 5. நூறை ஐந்தால் வகுத்தால் 20. அதாவது 20 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகக் கால் வீங்கும். ஒரு பக்கவாதத்தைத் தடுக்க 67 பேருக்குக் கொடுக்கும்போது, மூன்று பேருக்கு இந்த மருந்தால் கால் வீங்கும்.

ஒரு துண்டறிக்கையில் இந்த அட்டவணையை எப்படி எழுதலாம் என்று பாருங்கள். "பக்கவாத அபாயம் 25 சதவீதம் குறைகிறது. கால் வீக்கம் 5 சதவீதம் மட்டுமே அதிகரிக்கிறது." இரண்டு எண்ணும் சரி. ஆனால் முதலாவது சார்புக் கணக்கு, இரண்டாவது நேரடிக் கணக்கு. பலனை ஒரு முழத்தாலும் பக்கவிளைவை வேறொரு முழத்தாலும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தாயிற்று. இரண்டையும் சார்புக் கணக்கில் எழுதினால் பக்கவாதம் 25 சதவீதம் குறைவு, கால் வீக்கம் 250 சதவீதம் அதிகம். நேரடிக் கணக்கில் எழுதினால் 1.5 குறைவு, 5 அதிகம். மருந்துப் பிரதிநிதி கொண்டுவரும் தாளில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான். மாணவர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவதும் இதுதான். அதற்காக 20-ஐயும் 67-ஐயும் மட்டும் ஒப்பிட்டு மருந்தைத் தூக்கி எறியவும் கூடாது. இந்த வகைக் கால் வீக்கம் மாத்திரையை நிறுத்தினால் வடிந்துவிடும். பக்கவாதத்தில் விழுந்த கை பல சமயம் திரும்பி எழுவதில்லை.

இப்போது அதே 4,000 பேரை வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் 400 பேருக்கு ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்திருக்கிறது, மற்ற 1,600 பேருக்கு வந்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். முன்பு வந்தவர்களில் வெற்று மாத்திரையில் 64, மருந்தில் 48. அதாவது 16 சதவீதம் 12 ஆகிறது. வராதவர்களில் 56-ம் 42-ம். அங்கே 3.5 சதவீதம் சுமார் 2.6 ஆகிறது. இரு கூட்டத்திலும் சார்புக் குறைப்பு அதே 25 சதவீதம். ஆனால் முதல் கூட்டத்தில் நேரடிக் குறைப்பு 4, எனவே என்.என்.டி. 25. இரண்டாவதில் நேரடிக் குறைப்பு ஒன்றுக்கும் கீழே, 0.875. என்.என்.டி. 115. மருந்து அதே, அளவு அதே. மாறியது நோயாளியின் தொடக்க அபாயம்.

இதனால்தான் சார்புக் குறைப்பை வெறும் விளம்பர எண் என்று ஒதுக்கிவிட முடியாது. தொடக்க அபாயம் ஆளுக்கு ஆள் மாறினாலும் பல மருந்துகளில் சார்புக் குறைப்பு பெரிதாக மாறுவதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஐந்தாண்டு அபாயம் 1 சதவீதம் என்று மருத்துவர் மதிப்பிட்டால், அதில் கால் பங்கு 0.25, என்.என்.டி. 400 என்று அவருக்கென்றே கணக்குப் போடலாம். ஆய்வறிக்கையில் அச்சிட்ட 67 என்பது அந்த 4,000 பேரின் சராசரிக்கு மட்டுமே உரியது.

காலத்தைச் சொல்லாத என்.என்.டி.யும் அரைகுறைதான். நமது 67 ஐந்து ஆண்டுக்கானது. வேறொரு மருந்துக்கு ஓராண்டு ஆய்வில் 300 என்று வந்தால், 67 பல மடங்கு மேல் என்று தோன்றும். ஆனால் நமது பலன் ஐந்தாண்டிலும் சமமாகப் பரவியிருந்தால் ஆண்டுக்கு 0.3 சதவீதம்தான், ஓராண்டுக் கணக்கில் அது ஏறக்குறைய 333. அந்த 300 மருந்துதான் சற்றே மேல்.

கடைசியாக ஒன்று. 120, 90 என்ற எண்களில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. வேறு 4,000 பேரைச் சேர்த்திருந்தால் 112, 97 என்றுகூட வந்திருக்கலாம். இந்தத் தடுமாற்றத்தை 95 சதவீத நம்பக இடைவெளியாகக் கணக்கிட்டால் 1.5 என்ற குறைப்பு 0.12-க்கும் 2.88-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம் என்று வருகிறது. என்.என்.டி.யாக மாற்றினால் 35-லிருந்து சுமார் 845 வரை. 67 என்று ஒற்றை எண்ணாகப் பார்க்கும்போது இருந்த உறுதி இங்கே தளர்ந்துவிடுகிறது. பக்கத்துக்கு 20,000 பேரைச் சேர்த்து இதே சதவீதங்கள் வந்திருந்தால் இடைவெளி 52 முதல் 94 வரை சுருங்கியிருக்கும். இடைவெளியைச் சொல்லாமல் என்.என்.டி.யை மட்டும் அச்சிடும் கட்டுரையை நான் முழுதாக நம்புவதில்லை.

நீண்ட நாள் மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என்னைப் போன்ற நூறு பேர் இதைச் சாப்பிடாவிட்டால் எத்தனை பேருக்கு நோய் வரும்? சாப்பிட்டால் எத்தனை பேருக்கு வரும்? இது எத்தனை ஆண்டுக் கணக்கு? பக்கவிளைவையும் இதே நூறு பேர் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஒருமுறை பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களுக்குத் தொடக்க அபாயம் அதிகம். அதே மாத்திரையால் அதிக நன்மை அவர்களுக்குத்தான்.