கூட்டத்தில் வாய் திறந்த போன்

கோவையில் ஒரு பம்பு கம்பெனி, மாதாந்திர விற்பனைக் கூட்டம். மணி பார்க்க மேலாளர் ஒருவர் ஆண்ட்ராய்டு போனை எடுக்கிறார். திரை விழித்ததுமே ஒரு பெண் குரல் நேரத்தை உரக்கச் சொல்கிறது. அடுத்து அவர் மனைவி அனுப்பிய செய்தி: வரும்போது ரெண்டு பாக்கெட் பால். ஆங்கில எழுத்தில் வந்த தமிழ் என்பதால் குரல் அதை வெள்ளைக்காரத் தொனியில் குதறுகிறது. மூன்றாவதாக, கடன் தவணைக்கு நாளை கடைசி நாள் என்ற நினைவூட்டல். பேசிக்கொண்டிருந்த முதலாளி நிறுத்திவிட்டார்.

போனை முன்பே சைலண்டில் போட்டுத்தான் வந்திருந்தார். ஆனால் இந்தக் குரலுக்கு ஒலி அளவு தனி; மணியோசையை அடைத்தால் இது அடங்காது. கைரேகை வைத்துத் திறந்து, செட்டிங்ஸைத் தொட்டார். அதைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது, குரல் அதன் பெயரைச் சொன்னது, எதுவும் திறக்கவில்லை. விரலால் தள்ளினால் பக்கமும் நகரவில்லை. கட்டம்தான் அடுத்த ஐகானுக்குத் தாவியது.

போன் கெடவில்லை. டாக்பேக் ஓடிக்கொண்டிருந்தது. பார்வையற்றவர்களுக்காகத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி அது. எது எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கேட்க வேண்டியிருப்பதால், ஒரு தட்டு தட்டினால் பெயரை மட்டும் சொல்லும். திறக்க, அடுத்தடுத்து இருமுறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாதவர் கையில் போன் பூட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

அவர் பதற்றத்தை அடக்கி, செட்டிங்ஸை இருமுறை தட்டினார். இரண்டு விரலால் பக்கத்தைத் தள்ளி Accessibility-க்கு வந்தார். அதற்குள் TalkBack, அங்கேயும் இரட்டைத் தட்டு. நிறுத்தவா என்று கேட்ட பெட்டியிலும் அப்படியே. குரல் அடங்கியது.

இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. ஒலியைக் கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினாலே பெரும்பாலான போன்களில் டாக்பேக் நின்றுவிடும். அது உயிர்பெற்றதும் இதே வழியில்தான். எப்போதோ இந்தக் குறுக்குவழியை இயக்கவா என்று போன் கேட்டபோது, படிக்காமல் சம்மதித்திருக்கிறார். அன்று இறுக்கமான பையில் இரண்டு பொத்தானும் அழுந்தியிருக்கின்றன.

மறுபடி நேராமலிருக்க, டாக்பேக் பக்கத்திலேயே உள்ள TalkBack shortcut-ஐ அணைத்தால் போதும். போன் பூட்டியிருக்கும்போது மட்டும் அது வேலை செய்யாதபடி வைக்கவும் பல போன்களில் வழி உண்டு. வீட்டில் பார்வையற்ற ஒருவரும் அதே போனைப் பயன்படுத்தினால் இந்த இரண்டாவது வழிதான் சரி. திரையைப் பார்க்க முடியாதவர், யார் உதவியும் கேட்காமல் டாக்பேக்கைத் தானே இயக்கிக்கொள்ள அந்த இரண்டு பொத்தான்கள்தான் எளிய வழி.