முப்பது செகண்டு, யாரும் அசையாதீங்க!

கேட்கும் சினிமா – தொடர் 11

ஷாட் ஓகே. டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்துவிட்டார், லைட்மேன்கள் ஸ்டாண்டைக் கழற்றக் கை வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கையைத் தூக்குவார். "சார், ரூம் டோன். முப்பது செகண்டு. யாரும் அசையாதீங்க." எல்லோரும் அவரை முறைப்பார்கள். யாரும் பேசாத, எதுவும் நடக்காத அரை நிமிஷத்தை எதற்காகப் பதிவு செய்ய வேண்டும்? அசிஸ்டன்ட் டைரக்டர் வாட்சைப் பார்ப்பார். பதினைந்தாவது செகண்டில் யாராவது இருமுவார்கள். மறுபடி முதலிலிருந்து.

அவர் பதிவு செய்வது அந்த அறையின் சொந்தச் சத்தம். பூட்டிய வீட்டுக்கும் அது உண்டு. தெருக்கோடியில் நிற்கும் ஜெனரேட்டர் வண்டியின் முனகல், தொலைவில் ஓடும் போக்குவரத்து, விளக்குகளின் சோக்கிலிருந்து வரும் ரீங்காரம், எங்கோ ஒரு காகம், கடைசியாக மைக்கும் ரெக்கார்டரும் சேர்ந்து போடும் மெல்லிய இரைச்சல். இதற்காகவே ஃபேனையும் ஃபிரிட்ஜையும் படப்பிடிப்பு முழுக்க அணைத்து வைத்திருப்பார்கள். (அணைத்த ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமலிருக்க, ரெக்கார்டிஸ்ட் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதல்லவா?)

ஆட்கள் கலைவதற்குள் ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு ஹாலில் முப்பது பேர் நின்றால் முப்பது பேரின் உடலும் உடையும் சத்தத்தை உறிஞ்சும். அவர்கள் வெளியே போனதும் அறையின் எதிரொலி கூடிவிடும். விளக்கை அணைத்தால் ரீங்காரம் போய்விடும். வசனம் பதிவானபோது அறை எப்படி இருந்ததோ அப்படியே, மைக் இருந்த அதே இடத்தில், ரெக்கார்டரில் வைத்த அளவைத் தொடாமல் எடுத்தால்தான் அது பின்னால் பயன்படும்.

நம் ஊர் செட்டுகளில் இந்த முப்பது செகண்டுக்கு மரியாதை குறைவாக இருந்ததில் ஆச்சரியமில்லை. பல பத்தாண்டுகள் தமிழ்ப் படங்களின் குரல் முழுக்க டப்பிங் தியேட்டரில்தான் பதிவானது. 2001இல் இந்தியில் ‘லகான்’, 2004இல் தமிழில் ‘விருமாண்டி’ போன்ற படங்கள் நடிகர் நடிக்கும் இடத்திலேயே குரலைப் பிடித்தன. அப்படிப் பிடிக்கும்போது குரலோடு அறையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இந்த வாரச் சங்கதி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய வீட்டு ஹால். அப்பா, மகள்.

"வீட்டை வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்ப்பா."

மூன்று விநாடி அமைதி.

"சரிம்மா."

மகளின் குளோஸப்பைக் காலையில் எடுத்தார்கள். அவளுக்குப் பின்னால் உள்சுவரும் மர அலமாரியும். அவளை நோக்கி நீண்ட பூம் மைக்கின் முகமும் அந்தப் பக்கமாகவே இருந்ததால், அவள் பேசாத நேரத்தில் பதிவான அறைச் சத்தம் மைனஸ் 56 டெசிபல். அப்பாவை எடுத்தது சாயங்காலம். அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ரோடு. அங்கே அறைச் சத்தம் மைனஸ் 50. ஆறு டெசிபல் வித்தியாசம். சொன்னால் சின்ன எண்தான். ஆனால் எடிட்டர் மகளிலிருந்து அப்பாவுக்கு வெட்டிய நொடியில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போலக் கேட்கும். நம் காது இப்படித்தான். ஒரே சீராக ஓடும் இரைச்சலை ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும், அதே இரைச்சல் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உடனே திரும்பிப் பார்க்கும்.

இன்னும் இரண்டு சிக்கல்கள். அமைதி முழுக்க மகளின் முகத்தில் ஓட வேண்டும் என்று எடிட்டர் வைத்திருக்கிறார். ஆனால் அந்த டேக்கில் அவள் பேசி முடித்த ஒரு விநாடியிலேயே டைரக்டர் "கட்" சொல்லிவிட்டார். அதை வெட்டி எறிந்தால் இரண்டு விநாடி ஓட்டை. அப்பாவின் "சரிம்மா" ஐந்தாவது டேக்கில்தான் உருக்கமாக வந்திருக்கிறது. அதில் "சரி"யின் மேல் ஒரு பைக் ஹார்ன். ஆகவே "சரி" இரண்டாவது டேக்கிலிருந்து, "ம்மா" ஐந்தாவதிலிருந்து.

முதலில் ஓட்டை. அதை வெறுமனே விட்டால் டிஜிட்டல் பதிவில் அங்கே இருப்பது சுத்தமான பூஜ்யம். பழைய சுவரில் ஒரு இடத்தில் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல அது துருத்திக்கொண்டு நிற்கும். அப்பா வாயடைத்துப் போனார் என்று பார்வையாளர் நினைக்க மாட்டார், ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்.

ரெக்கார்டிஸ்ட் கஷ்டப்பட்டு வாங்கிய முப்பது செகண்டு இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன? போடலாம், அது காலையில் மகள் பக்கம் எடுத்ததாக இருந்தால். பெரும்பாலும் அப்படி இருக்காது. நாள் முடிவில், சாயங்கால ரோட்டுச் சத்தத்தோடு, ஜன்னல் பக்கம் எடுத்த ஒரே ஒரு டோன்தான் கையில் இருக்கும். அது அப்பாவின் ஷாட்டுக்கு உதவும், மகளுக்கு உதவாது. ஒரு அறைக்கு ஒரு டோன் போதும் என்பது செட்டில் நிலவும் மூடநம்பிக்கை. மைக் திரும்பிய ஒவ்வொரு கோணத்துக்கும் ஒன்று வேண்டும். பூமோடு சட்டைக்குள் ஒளித்து வைத்த மைக்கும் ஓடியிருந்தால் அதற்கும் தனியாக வேண்டும்.

இல்லாதபோது டயலாக் எடிட்டர் பொறுக்கப் போகிறார். மகளின் எல்லா டேக்கையும் திறந்து, "ஆக்ஷன்" என்ற சொல்லுக்கும் அவள் வாய் திறப்பதற்கும் நடுவே உள்ள இடத்தைத் தேடுகிறார். ஒன்றில் அரை விநாடி சுத்தமாகக் கிடைக்கும், இன்னொன்றில் முக்கால். வேறொன்றில் அவள் மூச்சை இழுத்திருப்பாள், அது ஆகாது. "ஆக்ஷன்" சொன்னதும் ஒரு விநாடி நிதானித்துப் பேசத் தொடங்கும் நடிகர்கள், தங்களை அறியாமலேயே சவுண்ட் ஆட்களுக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்கள். கிடைத்த துண்டுகளை ஒன்றின் வால் மங்க மங்க அடுத்ததன் தலை ஏறும்படி கிராஸ்ஃபேட் போட்டு ஒட்டினால், நாலைந்து விநாடிக்கு ஒரு நீளத் துண்டு தேறும்.

ஒரே நல்ல துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், மாட்டிக்கொள்வதும் சீக்கிரம். அரை விநாடித் துண்டில் கண்டுகொள்ளாத ஒரு சின்ன ‘டிக்’ இருந்தாலும், அது அரை விநாடிக்கு ஒருமுறை திரும்பி வந்து தாளம் போடும். துண்டைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி மாற்றி மாற்றி ஒட்டுவது ஒரு தந்திரம். சீரான இரைச்சலுக்கு அது நன்றாகவே பலிக்கும். துண்டில் ஒரு சொல்லின் எதிரொலி வால் ஒட்டியிருந்தால் மட்டும் திருப்பியதும் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் வந்து குட்டை உடைத்துவிடும்.

அடுத்தது ஆறு டெசிபல். புதிதாக வருபவர்கள் உடனே அப்பாவின் ஷாட்டில் இரைச்சலைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஓரளவுக்கு மேல் குறைத்தால் இரைச்சலோடு குரலின் உடம்பும் போய், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். அனுபவஸ்தர்கள் போவது எதிர்த்திசையில். அழுக்கான ஷாட்டைச் சுத்தமாக்க முடியாது, சுத்தமான ஷாட்டை அழுக்காக்க முடியும். அப்பா பக்கத்து டோனை எடுத்து மகளின் ஷாட்டுக்கு அடியில் ஓட விட வேண்டும்.

எவ்வளவு? மைனஸ் 50க்கு வர மைனஸ் 50இலேயே போடுவோம் என்றால் தவறு. மகளின் ஷாட்டில் ஏற்கெனவே மைனஸ் 56 இருக்கிறது, இரண்டும் கூடி மைனஸ் 49 ஆகிவிடும். டோனை மைனஸ் 51க்குச் சற்றுக் கீழே வைத்தால் கூட்டுத்தொகை சரியாக மைனஸ் 50. கணக்குப் போட்டு யாரும் வைப்பதில்லை, காதால்தான் வைக்கிறார்கள். ஆனால் காது நிற்கும் இடம் அதுதான். இந்தச் சிரமம் எதற்கு என்று காட்சி முழுக்க ஒரே டோனை அடியில் ஓட்டுபவர்களும் உண்டு. மகள் பக்கம் மைனஸ் 49, அப்பா பக்கம் மைனஸ் 47. வித்தியாசம் இரண்டாகச் சுருங்குகிறது, உண்மைதான். ஆனால் குதிப்பு முழுதாகப் போகவில்லை, காட்சி முழுக்க இரைச்சலும் ஏறிவிட்டது.

மாற்றத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். படம் வெட்டுகிற இடத்திலேயே சத்தமும் மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உரத்த ஒலி ஒன்று கேட்டதும், அதற்குப் பின்னால் வரும் மெல்லிய ஒலியைக் காது நூறு மில்லிவிநாடி அளவுக்குத் தவறவிடும். உரத்த ஒலிக்கு முன்னால் வரும் மெல்லிய ஒலியையும் தவறவிடும், ஆனால் மிகக் குறைந்த நேரத்துக்கே. ஆகவே அமைதியின் நடுவில் மாற்றத்தை வைப்பதைவிட, ஒரு சொல்லுக்கு அடியிலோ அது முடிந்த கையோடோ வைப்பது பத்திரம். மகளின் ஷாட்டுக்குக் கீழே போடும் டோன் "பண்ணிட்டேன்ப்பா" என்ற சொல்லின் அடியிலேயே ஏறிவிட்டால், அமைதி தொடங்கும்போது அறை ஏற்கெனவே அப்பாவின் அறையாகியிருக்கும். "சரி"யையும் "ம்மா"வையும் ஒட்டும் இடமும் அப்படித்தான். "சரி"யின் இகரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, இதழ் மூடி மகரம் வருகிற கணத்தில் வெட்டினால் தையல் தெரியாது. இரண்டு டேக்கிலும் அவர் குரலின் சுருதி ஒன்றாக இருந்தால், அவ்வளவுதான் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் படத்தை அணைத்துவிட்டு, வால்யூமை வழக்கத்தைவிடக் கூட்டி, வசனத் தடத்தை மட்டும் கேட்க வேண்டும். படம் ஓடினால் வெட்டு வருவதைக் கண் முன்கூட்டியே மன்னித்துவிடும். பிறகு வரப்போகும் பின்னணி இசை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம், அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்று டைரக்டர் கடைசி நாளில் முடிவெடுப்பார். தியேட்டரில் தப்பித்த குதிப்பு டிவியில் மாட்டுவதும் உண்டு. ஒளிபரப்பில் உரத்த ஒலியை அமுக்கி மெல்லிய ஒலியைத் தூக்குவார்கள், தூக்கும்போது அறையும் சேர்ந்தே எழும்பும்.

ரூம் டோனால் ஆகாததும் இருக்கிறது. அடியில் ஓடும் இரைச்சலை அது சமன் செய்யும், குரலோடு ஒட்டிய எதிரொலியைத் தொடாது. ஒரு டேக்கில் பூம் தலைக்கு ஒரு அடி மேலேயும் மற்றதில் மூன்று அடி மேலேயும் இருந்திருந்தால், எவ்வளவு டோன் ஊற்றினாலும் இரண்டு குரலும் இரண்டு அறையிலிருந்துதான் பேசும். அந்த நிலையில் பல நேரம் அப்பாவை டப்பிங் தியேட்டருக்கு அழைக்க வேண்டிவரும். அங்கே பதிவாகும் "சரிம்மா"வுக்கு அடியில் அறை என்று எதுவுமே இருக்காது. செட்டில் பிடித்த டோன் அப்போது வெறும் ஒட்டுத்துணியாக இல்லாமல் அந்தக் குரலுக்கு முழு வீடாகவே ஆக வேண்டியிருக்கும். அந்த வேலையை அடுத்த வாரம் பார்ப்போம்.