கேமரா பார்க்காத டிரில் மெஷின்

விளம்பரங்களில் பளபளக்கும் டிரில் மெஷின் பல நேரங்களில் கேமரா எடுத்த படமே அல்ல. பிளெண்டர் போன்ற மென்பொருளில் வடிவமைத்து, ஒளியூட்டி உருவாக்கியது.

அதில் பொய்யைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் விளிம்புகள்தான். கணினி வரையும் விளிம்பு கத்திமுனையாக நிற்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அப்படி இருக்காது. அரை மில்லிமீட்டர் மழுக்கினால் அங்கே மெல்லிய ஒளிக்கோடு விழும்.

அடுத்தது பரப்பு. பிட்டைக் கவ்வும் சக் உலோகம் என்பதால் அதற்கு Metallic அளவு 1, கைப்பிடி ரப்பருக்கு 0. சொரசொரப்பைக் குறிக்கும் Roughness அளவை உலோகத்துக்கு 0.3, ரப்பருக்கு 0.8 என்று வைத்துத் தொடங்கலாம். ரப்பருக்கு முழுக் கறுப்பு கொடுத்தால் பிடியின் வரிகள் காணாமல் போகும். அடர் சாம்பலே போதும்.

இவ்வளவு செய்தும் சக் கறுத்துத் தெரிகிறதா? உலோகம் சுற்றியிருப்பதைத்தான் பிரதிபலிக்கும். சுற்றிலும் இருட்டென்றால் அதுவும் இருட்டுதான். பக்கவாட்டில் நீளமான விளக்கு ஒன்றை வைத்ததும் உருளை வடிவம் துலங்கும்.

கடைசியாகத் தேய்மானம். கீறல்களை எங்கும் தூவினால் படம் பொய்யாகிவிடும். சக்கின் முனையிலும், மேசையில் ஊன்றும் அடிப்பகுதியிலும் மட்டும் லேசாகப் போடுவார்கள்.