மருந்துச்சீட்டில் மருந்தின் பெயருக்கு முன் உள்ள குறி எதைச் சொல்கிறது?

மருந்துச்சீட்டில் ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் முன்னால் ஒரு சிறிய ஆங்கிலச் சொல் எழுதப்பட்டிருக்கும். அது மருந்தின் பெயரன்று. அம்மருந்தை எந்த வடிவில் பயன்படுத்த வேண்டும் என்பதைக் குறிப்பதாகும்.

- Tab. – மாத்திரை
- Cap. – கேப்சூல், அதாவது உறையினுள் அடைக்கப்பட்ட மருந்து
- Syr. – சிரப்
- Inj. – ஊசி மருந்து
- Oint. – மேலே பூசும் களிம்பு
- Drops – சொட்டு மருந்து

ஒரே மருந்து பல வடிவங்களில் கிடைக்கும். வடிவம் மாறும்போது மருந்தின் செறிவும் மாறக்கூடும். குழந்தைகளின் காய்ச்சலுக்குத் தரப்படும் பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து உள்ளது. சிரப்பிலோ 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25 மி.கி. மட்டுமே உள்ளது. சொட்டு மருந்து நான்கு மடங்கு செறிவானது.

8 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 120 மி.கி. தேவை எனக் கொள்வோம். மருத்துவர் Drops என்று குறித்து 1.2 மி.லி. எழுதுவார், அல்லது Syr. என்று குறித்து 5 மி.லி. எழுதுவார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு மருந்தே. சொட்டு மருந்துக்கு எழுதிய 1.2 மி.லி.யைச் சிரப்பிலிருந்து கொடுத்தால் 30 மி.கி. மட்டுமே சேரும்; காய்ச்சல் தணியாது. மாறாக, சிரப்புக்கு எழுதிய 5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்துவிட்டால் 500 மி.கி. உட்செல்லும். இவ்வாறு பல வேளை கொடுக்கப்பட்டால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

ஆகவே மருந்து கொடுக்கும் முன் சீட்டில் உள்ள குறியையும் புட்டியில் உள்ள வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். புட்டியில் Each ml contains என்றுள்ளதா, Each 5 ml contains என்றுள்ளதா என்பதையும், அதனுடன் உள்ள மி.கி. அளவையும் கவனியுங்கள். சிரப்பிலும் 5 மி.லி.க்கு 250 மி.கி. கொண்ட வகை உண்டு. சீட்டில் உள்ள வடிவம் கிடைக்காமல் வேறொன்று தரப்பட்டால், புதிய அளவை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ எழுதி வாங்குங்கள். ஒரு புட்டியுடன் வந்த சொட்டுக்குழலை வேறு மருந்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அளவு மிகுதியாகக் கொடுக்கப்பட்டது தெரிந்தால், குழந்தை நலமாகத் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் முதல் நாளில் வெளிப்படாமல் இருக்கலாம். மாற்று மருந்தோ விரைவாகத் தரப்படும்போதே நன்கு பயனளிக்கும். புட்டியையும் மருந்துச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.