கட்டணச் சீட்டில் எதைக் கறுப்படிப்பது?

குடியிருப்புப் பராமரிப்புத் தொகையை யுபிஐ-யில் கட்டிவிட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்கள் மறைப்பதற்காக முதலில் தேடுவது வங்கிக் கணக்கு எண்ணைத்தான். அதைச் செயலியே பெரும்பாலும் கடைசி நான்கு இலக்கங்களாகச் சுருக்கிவிடுகிறது. சிக்கல் வேறு வரிகளில் இருக்கிறது.

பெயருக்குக் கீழே உள்ள கைபேசி எண்ணை மறைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சற்றுக் கீழே யுபிஐ முகவரி இருக்கும். பலருக்கு அதில் @ குறிக்கு முன்னால் வருவது அதே கைபேசி எண்தான். கூடவே கியூஆர் குறியீடும் தெரிந்தால், அந்த முகவரி கட்டங்களாக அதற்குள்ளும் இருக்கிறது. ஆகவே, ஒரு தகவலை மறைக்கும்போது அது படத்தில் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கியூஆரில் பாதி மறைப்பு உதவாது. அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும் படிக்கும்படி உபரித் தகவலோடுதான் அதை அமைக்கிறார்கள்; உச்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் மீட்டுவிடலாம். நடுவில் கடையின் சின்னத்தை ஒட்டியும் ஸ்கேன் ஆவது இதனால்தான். மூலையிலுள்ள பெரிய சதுரத்தை மட்டும் அடித்தாலும் பயனில்லை. எல்லாக் கியூஆரிலும் அது ஒன்றே என்பதால் திரும்ப வரைந்துவிடலாம். முழுவதையும் மூடுங்கள்.

பரிவர்த்தனை எண் பொருளாளருக்கு வேண்டும், குழுவுக்கு வேண்டாம். தொகையையும் அந்த எண்ணையும் சரியாகச் சொல்லி, 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று அழைப்பவரை நம்பிவிடுவது எளிது. குழுவில் கடைசி நான்கு இலக்கம் போதும்; முழு எண்ணைப் பொருளாளருக்குத் தனியாக அனுப்பலாம்.

மறைப்பதற்கு மொசைக் வேண்டாம். மொசைக் என்பது ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே இருந்த நிறங்களின் சராசரி, அவ்வளவுதான். எண்களோ பத்தே வடிவங்கள். செயலியின் எழுத்துருவும் எல்லோருக்கும் தெரிந்தது. 0 முதல் 9 வரை எழுதி, அதே அளவில் மொசைக்காக்கி ஒப்பிட்டால் எது எது என்று பிடித்துவிடலாம். முகம் இன்னும் மோசம்: தெரிந்தவருக்குக் கட்டம் கட்டமான முகமே போதும், கண்களில் மட்டும் பட்டை போடுவது வெறும் சடங்கு. சுயவிவரப் படத்தின் வட்டம் முழுவதும் மறைய வேண்டும்.

நூறு சதவீத அடர்த்தியுள்ள கறுப்புப் பெட்டியே சரி. கைபேசியின் ஹைலைட்டர் தூரிகை பார்வைக்குக் கறுப்பாகத் தோன்றினாலும் அரைகுறையாக ஒளி ஊடுருவக்கூடியது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். எண் மிதந்து வந்தால் மறைப்பு தேறவில்லை.

வெட்டி எடுப்பதிலும் ஒரு கண் வேண்டும். கூகுள் பிக்சல் கைபேசிகளின் திருத்தும் கருவியில் வெட்டிய படத்தைச் சேமித்தபின்னும், பழைய படத்தின் மிச்சம் கோப்பின் வாலில் தங்கியிருந்தது 2023-இல் வெளிவந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் கருவியிலும் அதே கதை. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்பு சேமித்த கோப்புகள் தாமாகத் திருந்தா. அப்படி ஒரு பழைய படத்தை அனுப்ப வேண்டியிருந்தால், அதைத் திரையில் திறந்து வைத்துப் புதிதாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கோப்பை அனுப்புங்கள்.