ஓர் இரவுக்கு நாலாயிரம்

வெளியூர் வேலைக்கு அனுப்பும் கம்பெனி தரும் பயண விதிச் சுற்றறிக்கையில் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஓட்டல் வரம்புக்குத்தான். ‘ஓர் இரவுக்கு ரூ.4,000’ என்றிருந்தால், அதற்குள் ரூம் பிடித்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அந்த நாலாயிரத்தில் ஜி.எஸ்.டி. அடக்கமா, தனியா என்று பார்ப்பதில்லை. கைக்காசு போவது அங்கேதான்.

சென்னையிலிருந்து இரண்டு இரவு வேலையாகக் கோவை போகும் ஊழியரை எடுத்துக்கொள்வோம். புக்கிங் ஆப்பில் வாடகை ரூ.3,900 என்று பெரிதாகத் தெரியும். வரி அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஆக ஓர் இரவுக்கு ரூ.4,095, இரண்டு இரவுக்கு ரூ.8,190. ‘வரி தனி’ என்று சுற்றறிக்கை சொன்னால் முழுப் பணமும் திரும்பி வரும். ‘வரி உட்பட’ என்றால் ரூ.190 அவர் தலையில். இரண்டையும் சொல்லாத சுற்றறிக்கையும் உண்டு. அப்போது புக் செய்வதற்கு முன்பே அக்கவுன்ட்ஸில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய இடி செக்-இன் நேரம். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் கோவை. ஓட்டலிலோ பகல் 12 மணிக்குத்தான் செக்-இன் என்பார்கள். காலையிலேயே ரூம் வேண்டுமென்றால் அரை நாள் வாடகையோ, முழு நாள் வாடகையோ கூடுதலாகக் கேட்பார்கள். இரண்டு இரவு பில்லில் மூன்றாகிவிடும், அனுமதியோ இரண்டுக்குத்தான். அதனால் மேலாளரிடம் பயண அனுமதி கேட்கும் மெயிலிலேயே ரயில் வந்துசேரும் நேரத்தையும் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் புக்கிங். கம்பெனியில் டிராவல் டெஸ்க் இருந்தால் அவர்களிடமே விட்டுவிடலாம். வாடகை பில் நேராகக் கம்பெனிக்குப் போகும்படி ஏற்பாடு இருந்தால், லாண்டரி போன்ற சொந்தச் செலவை மட்டும் நாம் கட்டினால் போதும்.

நாமே புக் செய்தால், ஆப் அனுப்பும் கன்ஃபர்மேஷனை பில் என்று நினைக்கக் கூடாது. ரூம் எடுத்த பிறகு கேன்சல் செய்தவரிடமும் அது இருக்கும். அக்கவுன்ட்ஸ் கேட்பது ஓட்டல் தரும் டாக்ஸ் இன்வாய்ஸ். அதில் தங்கியவர் பெயர், வந்த தேதி, போன தேதி, கம்பெனியின் பெயர், கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கோவை பில்லில் உள்ள ரூ.390 வரியை, தமிழ்நாட்டில் பதிவு பெற்ற கம்பெனி உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். எண் இல்லாத பில்லில் அது போய்விடும். பெங்களூருவில் தங்கினால் வரி கர்நாடகக் கணக்கில் சேரும், அங்கே பதிவில்லாத கம்பெனிக்கு அந்த வரவு கிடைக்காது.

எண்ணைச் செக்-இன் செய்யும்போதே கொடுத்துவிடுங்கள். ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் சொன்னால், “பில் போட்டாச்சு சார்” என்பதுதான் பதிலாக வரும்.